முகத்தை கிராஸ் ஸ்டிச்சில் எடுக்கும்போது கண் எங்கே போகிறது?

திருகோணமலையில் என்னிடம் தையல் பழக வருகிறவர்கள் பலரும் இப்போது கேட்பது பூவோ மயிலோ இல்லை, வீட்டு ஆட்களின் முகம். அம்மம்மாவின் படம், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் கல்யாணப் படம், இல்லாமல் போன அப்பாவின் அடையாள அட்டைப் படம் என்று கொண்டுவருவார்கள். படத்தைக் கணினியில் போட்டால் அரை நிமிடத்தில் கட்டம் போட்ட வடிவம் வந்துவிடும். அதை அப்படியே அச்சடித்துத் தைக்கத் தொடங்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அகலம் 90, உயரம் 110 கட்டம் என்றால் கிட்டத்தட்ட 9,900 தையல். பாதி தைத்து முடித்த பிறகு "இது அம்மம்மா மாதிரி இல்லையே" என்று தெரியவந்தால், பிரிப்பதற்கு மனமும் வராது, தொடர்வதற்கும் மனம் வராது.

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கொண்டுவந்த படத்தை வைத்தே சொல்கிறேன். வாசலில் குரோட்டன் செடிகளுக்கு முன்னால் வெளிர் நிறச் சேலையில் அம்மம்மா நிற்கிறார். நல்ல மாநிறம், நரைத்த முடி. அவள் மென்பொருளிடம் 12 நிறம் கேட்டிருந்தாள். வந்த பன்னிரண்டில் ஐந்து பச்சை, சேலைக்கும் சுவருக்கும் நான்கு. முகத்துக்கு மிஞ்சியது மூன்று. கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு, வாய் அடியோடு இல்லை.

மென்பொருள் பிழை செய்யவில்லை. எந்த நிறம் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறதோ அதற்கு அது முன்னுரிமை கொடுக்கும். செடி படத்தில் பாதி, கண் ஒரு சின்னப் புள்ளி. நாங்கள் ஆளை அடையாளம் காண்பதோ அந்தச் சின்ன இடத்தை வைத்துத்தான். அதனால் நிறத்தைக் குறைக்கும் முன் பின்னணியை வெட்டி எறிய வேண்டும். செடி, சுவர், கதவு எல்லாம் போகட்டும். தலை, கழுத்து, தோள்பட்டை போதும்.

அடுத்தது அளவு. படம் வரைகிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: நேராகப் பார்க்கும் முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அகலம். முகம் மட்டும் 30 கட்டம் அகலமாக இருந்தால் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது 6 கட்டம். அதற்குள் இமைக் கோடு, கருவிழி, வெண்விழி மூன்றையும் வைக்க முடியாது. முகம் 60 கட்டமாக இருந்தால் கண்ணுக்கு 12 கட்டம், கருவிழிக்கு நாலைந்து. அதற்குக் கீழே நான் போகமாட்டேன். அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் 14 கவுண்ட் ஐடா துணியில் மொத்த அகலம் 90 கட்டம் என்றால் ஆறரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

இப்போது நிறம். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். முகத்தை முகமாகக் காட்டுவது வெளிச்சமும் நிழலும்தான், நிறம் அதற்குப் பிறகு. கறுப்பு வெள்ளைப் படத்திலும் அம்மாவைத் தெரிகிறதல்லவா? ஆகவே முதலில் நிறத்தை முற்றாக எடுத்துவிட்டு, சாம்பல் படிகளில் முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முகமும் கழுத்தும் தவிர மற்றதை வெள்ளையாக அழித்துவிட்டு, இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் இப்படிக் கட்டளை கொடுக்கலாம்:

```
magick mugam.png -resize 90x -colorspace Gray +dither -colors 6 padi.png
```

90 என்பது கட்ட அகலம். ஆறு நிறத்தில் ஒன்று அந்த வெள்ளைக்குப் போனாலும் முகத்துக்கு ஐந்து படி கிடைக்கும். `+dither` முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டு படிகளுக்கு இடையில் மென்பொருள் புள்ளி புள்ளியாகக் கலந்துவிடும். திரையில் அது மென்மையாகத் தெரியும். துணியில் கன்னம் முழுக்கத் தனித்தனித் தையலாகச் சிதறி, அம்மை வந்த முகம்போல் ஆகிவிடும். பின்பக்கமும் நூல் முடிச்சுக் காடாகும்.

வந்த படத்தைப் போனில் சிறிதாக்கிப் பாருங்கள், அல்லது இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். கிட்ட நின்றால் வெறும் சதுரங்கள்தான் தெரியும், அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். தள்ளி நின்றும் ஆள் தெரியவில்லையா? அப்போது நிறத்தைக் கூட்டிப் பயன் இல்லை. பெரும்பாலும் படத்தில்தான் கோளாறு. நிலாவெளிக் கடற்கரையில் உச்சி வெயிலில் எடுத்த படங்கள் இப்படித்தான்: புருவத்து நிழல் கண்ணை மூடியிருக்கும், அதற்குள் எந்தத் தகவலும் இருக்காது. ஜன்னல் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழ எடுத்த வேறு படம் ஒன்றைத் தேடுங்கள்.

ஆள் தெரிந்தால், ஒவ்வொரு சாம்பல் படிக்கும் ஒரு நூலைக் கொடுக்க வேண்டியதுதான். அந்த அம்மம்மாவுக்கு டிஎம்சி நூலில் நாங்கள் எடுத்த நிற எண்கள், கருமையிலிருந்து வெளிச்சத்துக்கு: 898, 801, 433, 434, 436. எல்லாம் ஒரே பழுப்புக் குடும்பம், படிப்படியாக ஏறுகிறது. மென்பொருளையே நூல் தேட விட்டால் எங்கள் தோலின் வெளிச்ச இடத்துக்கு ரோஸ் நிறத்தையும், தாடை நிழலுக்குப் பச்சை கலந்த சாம்பலையும் கொண்டுவந்து வைக்கும். நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். இரண்டு நூல் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதில் ஒன்று வீண்.

சாம்பல் படிகள் காட்டாத ஒன்று உதடு. மாநிற முகத்தில் உதட்டுக்கும் தோலுக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, நிற வித்தியாசம்தான் அதிகம். அதனால் உதட்டுக்கு மட்டும் ஒரு செம்பழுப்பு, 632, சேர்த்தோம். இரண்டு உதடும் சேரும் கோட்டுக்கு 898. கீழுதட்டுக்கு அடியில் ஒரு சின்ன நிழல். மூக்கைச் சுற்றிக் கோடு போட வேண்டாம். அடியில் நிழலும் ஒரு பக்கச் சரிவும் இருந்தால் மூக்கு தானாக எழும்பும்.

கண்ணைக் கையால்தான் திருத்த வேண்டும். மேலிமைக் கோட்டுக்கும் கருமணிக்கும் 3371, ஏறக்குறையக் கறுப்பான பழுப்பு. வெண்விழிக்கு வெள்ளை வைக்காதீர்கள். இமையின் நிழலில் இருப்பதால் அது உண்மையில் வெள்ளை இல்லை, வெள்ளை வைத்தால் ஆள் முறைத்துப் பார்ப்பார். வெளிர் சாம்பல், 415, போதும். சுத்த வெள்ளை கருவிழியில் விழும் ஒளிப்புள்ளிக்கு மட்டும்: ஒரு கண்ணுக்கு ஒரு தையல், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில். இன்னொன்றையும் கவனியுங்கள். தனியாக நிற்கும் தையல்களை ஒரேயடியாக நீக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. கன்னத்துக்கும் நெற்றிக்கும் அது நல்லது. முழுப் படத்துக்கும் போட்டால் இந்த ஒளிப்புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிடும். கண்ணைத் தொடாமல், அந்த இடங்களை மட்டும் துப்புரவாக்குங்கள்.

முடிக்கு இரண்டு மூன்று சாம்பல், சேலைக்கு இரண்டு, இதில் பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நரை முடியை வெள்ளைத் துணியில் தைத்தால் தலையின் விளிம்பே கரைந்துபோகும். நாங்கள் மணல் நிறத் துணிக்கு மாறினோம், பின்னணியைத் தைக்காமலே விட்டோம்.

தைக்கும்போது வழக்கமாக எல்லாரும் துணியின் நடுவில் தொடங்குவார்கள். முகத்துக்கு அப்படி வேண்டாம். நடுவிலிருந்து கட்டங்களை எண்ணி, ஒரு கண், புருவம், மூக்குத் தண்டு, அவ்வளவையும் முதலில் தைத்து முடியுங்கள். சுவரில் குத்திவிட்டு, அந்த ஆளைத் தெரிந்த ஒருவரைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் இமைக் கோட்டையோ கருவிழியையோ ஒரு கட்டம் நகர்த்திப் பாருங்கள். அந்த நேரத்தில் பிரிக்க வேண்டியது ஒரு கைப்பிடித் தையல்தான்.