செயின் ஏன் முறுக்குகிறது, வரிசை ஏன் அகலம் மாறுகிறது?

குரோஷாவில் முதல் செயினைப் போட்டு முடித்து ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால், அது தானாகவே சுழலும். நாம் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று தோன்றும். இல்லை.

செயினை உற்றுப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு இழைகள் சேர்ந்து 'V' வடிவில் படுத்திருக்கும். பின்பக்கம் ஒரே இழை சின்ன மேடாக நிற்கும். இரு பக்கமும் சமமில்லாததால் அது தட்டையாகக் கிடக்காது. நூலிலும் ஏற்கெனவே முறுக்கு உண்டு. ஊசியில் நூலை ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் சுற்றும்போது அந்த முறுக்கு கூடும் அல்லது குறையும். செயினின் அகலம் ஒரே ஒரு கண்ணி என்பதால் இந்தத் திருகலைத் தடுக்கப் பக்கத்தில் எதுவும் கிடையாது. முதல் வரிசை ஏறியதும் அகலம் கிடைத்துவிடும், திருகலும் அடங்கிவிடும்.

ஆனால் அதற்குள் ஒரு வினை நடந்துவிடலாம். திரும்பிய இடத்தில் 'V' எது, மேடு எது என்று தெரியாமல் ஒரு கண்ணியைத் தாண்டிவிடுவோம். இதே குழப்பம்தான் பிறகு ஓரங்களில் வருகிறது. அகலம் மாறுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

20 டபுள் குரோஷே வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (அமெரிக்கப் பெயரைச் சொல்கிறேன், பிரிட்டிஷ்காரர்கள் இதையே ட்ரெபிள் என்பார்கள்.) 22 செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் ஆரம்பித்தால் 19 தையல்கள் வரும். விட்டுவிட்ட 3 செயின் ஒரு தையலாக நிற்பதால் மொத்தம் 20. அடுத்த வரிசைக்கு 3 செயின் போட்டுத் திருப்புகிறோம். அது முதல் தையலின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆகவே அடுத்த தையல் இரண்டாவதின் தலையில் விழவேண்டும். கடைசித் தையல், போன வரிசையின் திருப்புச் செயினின் உச்சியில் விழவேண்டும்.

அந்த உச்சியில்தான் சிக்கல். அதில் மற்றவைபோல் தெளிவான 'V' இருக்காது, சுருண்டு பின்னால் ஒளிந்துகொள்ளும். அதை விட்டுவிட்டால் அந்த வரிசையில் 19, அடுத்ததில் 18. பத்து வரிசையில் துணி பாதியாகிவிடும்! உச்சியிலும் போட்டு, திருப்புச் செயினின் அடியிலிருக்கும் முதல் தையலிலும் போட்டால் 21, 22 என்று விரியும். மோசமானது இரண்டும் சேர்ந்த தப்பு: அடியில் ஒன்று கூடுகிறது, உச்சியில் ஒன்று குறைகிறது, எண்ணினால் சரியாக 20. ஒவ்வொரு வரிசையிலும் திருப்புவதால் ஓரம் மட்டும் உள்ளே வெளியே என்று ரம்பப் பல்லாகும். எண்ணிக்கையை நம்பினால் இது பிடிபடாது.

சிங்கிள் குரோஷேவில் கணக்கு வேறு. திருப்பும் ஒரு செயின் பொதுவாகத் தையலாக எண்ணப்படாது; முதல் தையலிலேயே போடவேண்டும். டபுள் பழகிய கை அதைத் தாண்டிவிடும்.

எண்ணிக்கை சரி, ஓரமும் நேர், ஆனாலும் அடி மட்டும் குறுகி மேலே விசிறிபோல் விரிகிறதா? அப்போது செயினை இறுக்கிப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த தடவை செயினுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுங்கள். ஓரத்துக்கு நான் செய்வது இதுதான்: திருப்புச் செயினின் மூன்றாவது கண்ணியைப் போட்டவுடனே அதில் ஒரு ஊக்கு மாட்டிவிடுகிறேன். திரும்பி வரும்போது அந்த உச்சியைத் தேட வேண்டியதில்லை.