தொடக்க எடை: ஒரு சொல் விளக்கம்

‘வெயிட் இனிஷியலைசேஷன்’ என்பதைப் பலரும் ‘எடையைத் துவக்குதல்’ என்று எழுதுகிறோம். துவக்குதல் என்றதும் நிரல் எழுதிப் பழகிய கை தானாகவே சுழியைப் போடும். எண்ணிக்கை 0-இல் தொடங்கும், கூட்டுத்தொகை 0-இல் தொடங்கும், எடை மட்டும் ஏன் கூடாது? நரம்பு வலையில் அந்தப் பழக்கம் பயிற்சியை முதல் அடியிலேயே முடக்கிவிடும். அதனால் இந்தச் சொல்லை நாம் கவனமாகத் தேர்ந்தாக வேண்டும்.

முதலில் ‘எடை’. புள்ளியியலில் ஒவ்வோர் எண்ணையும் அதன் முக்கியத்துவத்தால் பெருக்கிச் சராசரி காண்போம். அந்தப் பெருக்கும் எண்தான் ‘வெயிட்’. நரம்பு வலையிலும் அதே வேலைதான்: உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெருக்கும் எண். தமிழில் எடு என்பதிலிருந்து எடை வந்தது, நிறு என்பதிலிருந்து நிறை வந்தது. இரண்டும் தராசுச் சொற்களே. ஆனால் இயற்பியலில் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘எடை’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘நிறை’ என்கிறது. தமிழ்நாட்டு ‘நிறை’ அங்கே ‘திணிவு’. இரு கரையிலும் குழப்பம் தராதது எடை என்பதால் அதையே கொள்கிறேன். ‘இனிஷியல்’ லத்தீனில் தொடக்கம் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் எல்லாம் எந்த எண்ணில் தொடங்குவது என்பதில்தான். பத்து வகைப் படங்களைப் பிரித்தறியும் ஒரு வலை. நடுவே ஓர் அடுக்கு, அதில் எந்த எண்ணையும் −1, +1 இடையில் அடக்கும் டான்எச் சார்பு. எல்லா எடைகளும் 0 என்றால் நடு அடுக்கிலிருந்து 0-தான் வெளிவரும். கடைசி அடுக்கின் எடைக்கான திருத்தம் அந்த வெளியீட்டால் பெருக்கப்படுவதால் அதுவும் 0. நடு அடுக்குக்குப் பிழை பின்னோக்கிச் செல்லும்போது கடைசி அடுக்கின் எடையால் பெருக்கப்படுகிறது. அந்த எடையே 0. ஆக எந்த எடையும் நகராது. திரையில் இழப்பு மதிப்பு ln 10, அதாவது 2.303 அருகிலேயே நிற்கும். பத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவரின் இழப்பு அது. பயிற்சி பல சுற்று ஓடியும் அந்த எண் அசையவில்லை என்றால் முதலில் எடைகளைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் 0.5 என்று வைத்தால்? நகரும், ஆனால் நடு அடுக்கின் எல்லாக் கணுக்களும் ஒரே திருத்தத்தைப் பெற்று இரட்டையர்போல் ஒன்றாகவே நகரும். நூறு கணு இருந்தாலும் ஒன்றின் வேலைதான் நடக்கும். ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986-இலேயே இதைச் சுட்டிக்காட்டி, சிறிய தற்போக்கு எண்களில் தொடங்கச் சொன்னார்கள். இதற்குச் ‘சமச்சீர் உடைத்தல்’ என்று பெயர். நடு அடுக்கே இல்லாத வலைக்கு மட்டும் சுழி தீங்கு செய்யாது.

தற்போக்கு எண் சரி, எவ்வளவு பெரியது? கீழே ஒவ்வோர் அடுக்கிலும் 256 கணுக்கள்; சார்பு எதுவும் இல்லை; s என்பது எடைகளின் திட்ட விலக்கம்.

```
import torch
s = 1.0
x = torch.randn(1000, 256)
for _ in range(10):
    x = x @ (torch.randn(256, 256) * s)
print(x.std())
```

256 எண்களைக் கூட்டும்போது திட்ட விலக்கம் √256, அதாவது 16 மடங்கு ஆகிறது. s = 1 என்றால் பத்து அடுக்குக்குப் பின் 16¹⁰: ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. இடையில் டான்எச் இருந்தால் எண் வெடிக்காது. ஆனால் வெளியீடுகள் பெரும்பாலும் +1, −1 ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். அங்கே சரிவு ஏறக்குறைய 0, எனவே திருத்தமும் வராது. s = 0.01 என்றால் ஒவ்வோர் அடுக்கும் 0.16 மடங்காகச் சுருக்கி, கடைசியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். s = 1/16 என்றால் 1-ஐ ஒட்டியே நிற்கும்.

முறைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கின் விரிவுதான். உள்வரும் கணுக்கள் n என்றால் எடைகளின் பரவற்படி, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம், 1/n. திரும்பிச் செல்லும் பிழையும் குலையாமல் இருக்க, உள்வருவதையும் வெளிச்செல்வதையும் சேர்த்து 2/(n₁+n₂) என்றார்கள் குளோரோவும் பெஞ்சியோவும், 2010-இல். ரெலு சார்பு எதிர்ம எண்களைச் சுழியாக்கி வர்க்கச் சராசரியைப் பாதியாக்குவதால் 2/n வேண்டும் என்று கைமிங் ஹே குழுவினர் 2015-இல் காட்டினார்கள். 30 அடுக்கு வலை ஒன்றில் முந்தைய முறை தேங்கி நிற்க, இது கற்றது.

ஆகவே செயலுக்குத் ‘தொடக்க எடை அமைத்தல்’ என்றும், முறைக்குத் ‘தொடக்க எடைப் பரவல்’ என்றும் சொல்லலாம். ‘பரவல்’ என்ற சொல் வந்துவிட்டால் சுழியைப் போட யாருக்கும் கை வராது. ‘எடையிடல்’ வேண்டாம், அது தராசில் நிறுப்பதையே குறிக்கும். பெயர்களில் ஒரு குறிப்பு: பைடார்ச்சின் `xavier_uniform_` முறையும் கெராஸின் `glorot_uniform` முறையும் ஒன்றே. சேவியர் என்பது குளோரோவின் முதற்பெயர். `kaiming_normal_`, `he_normal` இரண்டும் ஏறக்குறைய அப்படியே, கெராஸ் மட்டும் பரவலின் ஓரங்களை வெட்டிவிடும்.