பு-வின் வாலில் இறங்கிய கேரம்

ராயபுரத்தில் எங்கள் தெருக் கேரம் போட்டிக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடித்தோம். ஒரே வரியில் ‘ராயபுரம்’ தமிழிலும் ‘Carrom’ ஆங்கிலத்திலும் வரவேண்டும். கட்டிய பிறகு பார்த்தால் ஆங்கிலச் சொல் மட்டும் படியிலிருந்து தவறி விழுந்ததுபோல் கீழே இறங்கிக் கிடந்தது. தமிழ் கறுத்துத் தெரிந்தது, ஆங்கிலம் சோகை பிடித்தமாதிரி இருந்தது. டிசைன் செய்த தம்பியிடம் கேட்டேன். “அடியில அலைன் பண்ணித்தாண்ணே வெச்சேன்” என்றான். உண்மைதான், கோளாறே அங்கேதான்.

எழுத்துகள் உட்காரும் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத்தான் பேஸ்லைன் என்கிறோம். ப, ட, ம போன்றவை அதில் சம்மணம் போட்டு உட்காரும். ‘பு’வின் வால் கோட்டைத் தாண்டிக் கீழே போகும். ‘Carrom’ என்ற சொல்லில் கீழே இறங்கும் எழுத்து ஒன்றுகூட இல்லை. கோரல்டிராவில் இரண்டு சொற்களையும் தேர்ந்தெடுத்து B விசையைத் தட்டினால், மென்பொருள் பேஸ்லைனைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லையும் சுற்றி ஒரு பெட்டி போட்டு, பெட்டியின் அடியை அடியோடு சேர்க்கிறது. தமிழ்ப் பெட்டியின் அடி என்பது பு-வின் வால் நுனி. ஆங்கிலத்தின் கால் அந்த நுனிக்கே போய்விட்டது.

இரண்டையும் ஒரே டெக்ஸ்ட் வரியாகத் தட்டச்சு செய்து, ஃபான்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வந்திருக்காது. தனித்தனியாகத்தான் வைக்கவேண்டும் என்றால், ப-வின் அடியை ஒட்டி ஒரு கைட்லைன் இழுத்து, m எழுத்தின் தட்டையான கால்களை அதில் நிறுத்தவேண்டும். o, C போன்ற உருண்டை எழுத்துகளை வைத்து அளக்கக்கூடாது. அவை கண்ணுக்குச் சமமாகத் தெரிவதற்காகவே கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரையப்பட்டவை.

சரி, கோடு சேர்ந்துவிட்டது. அப்புறம் அளவு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உயரம் உண்டு. தமிழில் ப, ம, ய எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். அதை எதோடு சேர்ப்பது? C-யோடு சேர்த்தால் தமிழ் பூதமாகத் தெரியும். சின்ன எழுத்தோடு சேர்த்தால் சுருங்கிவிடும். நான் சின்ன எழுத்தின் உயரத்திலிருந்து பெரிய எழுத்தை நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறேன். இது விதி இல்லை, என் கண்ணுக்குப் பழகிய கணக்கு.

அந்த பேனருக்கு இரண்டு ஃபான்ட்டையும் 100 மி.மீ. அளவில் வைத்து அளந்தேன். தமிழ் ப 62 மி.மீ., ஆங்கிலத்தில் m 52, C (உருண்டையின் மிச்சத்தைக் கழித்து) 71. ஊருக்கான பேனர், அதனால் தமிழில் கைவைக்காமல் ஆங்கிலத்தை 106 ஆக்கினேன். இப்போது m 55, C 75. தமிழின் 62 இரண்டுக்கும் நடுவே நான் சொன்ன இடத்தில் வந்து நிற்கிறது. இணையப் பக்கத்தில் இதே வேலையை, ஆங்கில ஃபான்ட்டின் `@font-face`-க்குள் `size-adjust: 106%` என்று எழுதிச் செய்யலாம்.

தடிமனைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும். அளவை மாற்றும்போது தடிமனும் கூடவே மாறிவிடும் என்பதுதான் காரணம். m-இன் கால் முதலில் 8.6 மி.மீ., பெரிதாக்கியதும் 9.1 ஆனது. தமிழின் கோடு 9.4. கிட்டத்தட்டச் சமம், ஆனால் கண்ணுக்குத் தமிழ் இன்னும் கறுப்பாகத்தான் தெரிந்தது. ண, ஞ, ழ மாதிரி எழுத்துகளில் ஒரே இடத்துக்குள் கோடுகள் வளைந்து வளைந்து நெருக்கிக்கொள்கின்றன, உள்ளே வெள்ளை குறைகிறது. ஸ்கேலில் சமமாக இருந்தால் போதாது, தமிழின் கோடு ஆங்கிலத்தைவிடச் சற்று மெலிந்திருக்கவேண்டும். தடிமனை நாமே கூட்டிக் குறைக்க முடிகிற வேரியபிள் ஃபான்ட்டாக இருந்தால் ஆங்கிலத்தின் தடிமன் எண்ணை 400-லிருந்து 450-க்கு நகர்த்தினால் தீர்ந்தது. அப்படி இல்லாத ஃபான்ட்டில் B பொத்தானை அழுத்திப் போலி போல்டு செய்யாதீர்கள். ஓரம் வீங்கி, a-வின் உள்வெள்ளை அடைபடும். ஃபிளெக்ஸில் மை கொஞ்சம் பரவினாலே போதும், அது வெறும் கறுப்புப் பொட்டு.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் கேட்டமரன், முக்தா மலர் போன்றவற்றை எடுக்கலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்பான்ஸர் தன் லோகோவின் ஆங்கில ஃபான்ட்தான் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றால் அளந்துதான் ஆகவேண்டும்.

இரண்டாவது பேனரை அச்சுக்கு அனுப்பும் முன் தம்பி திரையில் அதைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். படிக்க முடியாதபோது எழுத்து மறைந்து சாம்பல் பட்டை மட்டும் தெரியும். பட்டை எந்த இடத்திலும் திடீரென்று கறுக்கவில்லை. “இப்போ போலாம்ணே” என்றான்.