பொலி வளர்ந்ததா, மரக்கால் சுருங்கியதா?

2013 அட்சய திருதியைக்கு வாங்கிய பவுன் ஆவணிக்குள் கால்வாசிக்கு மேல் விலை ஏறிவிட்டதாம். "நல்ல நாள் பார்த்து வாங்கினதாலதான்" என்று மாமியார் இன்றும் சொல்கிறார், இதில் ஏதாவது இருக்கிறதா என்று திருவையாற்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். விலை ஏறியது உண்மைதான். ஏறியது தங்கமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

களத்தில் கிடக்கும் பொலியை இரண்டு வீட்டார் அவரவர் மரக்காலால் அளக்கிறார்கள் என்று வையுங்கள். போன வருடத்தைவிட இரண்டு வீட்டிலும் எண்ணிக்கை கூடினால் நெல் கூடியிருக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் கூடினால் அந்த வீட்டு மரக்காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தங்கம்தான் பொலி. ரூபாய், டாலர், யூரோ எல்லாம் மரக்கால்.

தங்கத்தின் உலக விலை ஓர் அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு, இத்தனை டாலர் என்று வருகிறது. அதை ரூபாயாக்கி, 6 சதவீத இறக்குமதி வரி என்றால் 1.06 என்பதுபோல வரியையும் சேர்த்துப் பெருக்கினால் நம் ஊர் விலை கிட்டத்தட்ட கிடைத்துவிடும். மூன்றும் பெருக்கலில் இருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். இரண்டு தேதிகளை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மடங்கானது என்று தனித்தனியே பார்த்தால் போதும். குற்றவாளி தானாக வெளியே வந்துவிடுவான்.

அந்த வருடத்தையே எடுப்போம். அட்சய திருதியை மே 13. அன்று அவுன்ஸ் சுமார் 1,430 டாலர், டாலர் சுமார் 54.8 ரூபாய், வரி 6 சதவீதம். ஆகஸ்ட் 28 அன்று தங்கம் சுமார் 1,415 டாலர், டாலரோ 68.8 ரூபாய், வரி 10 சதவீதம். தங்கம் 0.99 மடங்கு, டாலர் 1.255 மடங்கு, வரி 1.10-ஐ 1.06-ஆல் வகுத்தால் 1.038 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 1.29. ஆக 29 சதவீத ஏற்றத்தில் தங்கத்தின் பங்கு ஒன்றுமே இல்லை, ஒரு துளி இறக்கம்தான். அதே மூன்றரை மாதத்தில் யூரோவில் தங்கம் 4 சதவீதம்போல இறங்கியிருந்தது. ஜெர்மனியில் அதே திதியில் வாங்கியவருக்கு நஷ்டம்!

சுருங்கியது நம் மரக்கால். அமெரிக்க மத்திய வங்கி பணம் பாய்ச்சுவதைக் குறைக்கப்போவதாக மே 22-இல் அதன் தலைவர் பெர்னான்கி கோடிகாட்டியதும் வெளிநாட்டு முதலீடு இங்கிருந்து கிளம்பியது. வெளிநாட்டு வரவைவிடச் செலவு கூடுவதான நடப்புக் கணக்குப் பற்றாக்குறை ஏற்கெனவே பெரிதாக இருந்ததால் ரூபாய்க்கு அடி பலமாக விழுந்தது.

இப்போது மறுபக்கம். 2025 தொடக்கத்தில் அவுன்ஸ் சுமார் 2,625 டாலர். அக்டோபரில் 4,000-ஐத் தாண்டியது. 1.52 மடங்கு. ரூபாய் 85.6-இலிருந்து 88.8 ஆனது, 1.04 மடங்குதான். வரி மாறவில்லை. இந்தத் தடவை நம் மரக்கால்மேல் பெரிய பழி இல்லை. ஆனால் இங்கேயும் ஒரு பொறி உண்டு. அதே காலத்தில் யூரோவிலும் சுவிஸ் பிராங்கிலும் ஏற்றம் 35 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. ஏனென்றால் டாலரும் ஒரு மரக்கால்தானே, அந்த வருடம் அதுவும் சுருங்கியது. அதனால் பலமான நாணயத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கேயும் ஏறியிருந்தால் தங்கத்துக்கே கிராக்கி கூடியிருக்கிறது. 2022 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் மத்திய வங்கிகள் சேர்ந்து 1,000 டன்னுக்கு மேல் வாங்கியது அதற்கு ஒரு காரணம்.

எல்லா வீட்டு மரக்காலும் ஒரே நேரத்தில் சுருங்கினால்? அப்போதும் எல்லா நாணயத்திலும் தங்கம் ஏறும். இதைத் தங்கத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கச்சா எண்ணெய், செம்பு, கோதுமை எல்லாம் கூடவே அதே அளவு ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏறினால் பணம் இளைத்திருக்கிறது. தங்கம் மட்டும் தனியாக ஓடினால் கிராக்கி தங்கத்துக்குத்தான்.

சரி, மாமியாரின் பவுனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? 2013 டிசம்பர் கடைசியில் தங்கம் சுமார் 1,205 டாலர், டாலர் சுமார் 61.8 ரூபாய். வரியோடு கணக்குப் போட்டால் கிராம் 2,635 ரூபாய் வருகிறது; மே மாதத்துக்கு அதே கணக்கு 2,670. ஏறியதெல்லாம் போய்விட்டது. ஆனாலும் கடையில் விலை இந்தக் கணக்குக்கு மேலேயே நின்றது. இறக்குமதி செய்த தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்கச் சொல்லி அப்போது ஒரு விதி வந்திருந்தது. சரக்குத் தட்டுப்பாட்டில் வியாபாரிகள் கூடுதல் பிரீமியம் வைத்து விற்றார்கள்.