மூலங்களைக் காணாமலே விடை: சமச்சீர்க் கோவையைப் படிப்படியாக உடைப்பது எப்படி?

t³ − t − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இதன் மூன்று மூலங்களையும் x, y, z என்று அழைப்போம். அவற்றில் ஒன்று மெய்யெண், சுமார் 1.3247. மற்ற இரண்டும் கலப்பெண்கள். இப்போது (x² + y²)(y² + z²)(z² + x²) எவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார். மூலங்களைத் தசமத்தில் கண்டுபிடித்து, வர்க்கமாக்கி, கூட்டிப் பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் அப்படிக் கிடைப்பது தோராயமான விடை. ஒரு மூலத்தைக்கூடக் காணாமல், சமன்பாட்டின் கெழுக்களை மட்டும் வைத்துத் துல்லியமான விடையைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதில் யூகத்துக்கு இடமே இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் கோவையே சொல்லிவிடும்.

மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பு பள்ளியில் படித்ததுதான். மூன்று மூலங்களின் கூடுதல், இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டியது, மூன்றின் பெருக்கற்பலன் ஆகிய இம்மூன்றையும் இப்படிக் குறிப்போம்:

e₁ = x + y + z
e₂ = xy + yz + zx
e₃ = xyz

இவைதான் அடிப்படைச் சமச்சீர்க் கோவைகள். சமன்பாட்டை t³ − e₁t² + e₂t − e₃ = 0 என்று எழுதலாம் என்பதால், கெழுக்களைப் பார்த்தவுடனே இம்மூன்றின் மதிப்பும் தெரிந்துவிடும். x, y, z ஆகியவற்றை எப்படி இடம் மாற்றினாலும் மாறாத கோவையைச் சமச்சீர்க் கோவை என்கிறோம். அப்படிப்பட்ட எந்தப் பல்லுறுப்புக்கோவையையும் e₁, e₂, e₃ மூலமாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும் என்பது தேற்றம். காஸ் 1816இல் வெளியான, இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்துக்கான தம் இரண்டாவது நிரூபணத்தில் இதற்குக் கையாண்ட வழியைத்தான் இங்கே செய்து பார்க்கப்போகிறோம்.

முதலில் கோவையை விரித்துக்கொள்வோம். அதை f என்று அழைப்போம். பெருக்கினால் x⁴y² போன்ற ஆறு உறுப்புகளும், கூடவே 2x²y²z² என்ற ஓர் உறுப்பும் வரும். ஒவ்வொரு முறையும் ஆறு உறுப்புகளை எழுதுவது வீண் வேலை. அதனால் ஒரு சுருக்கம் வைத்துக்கொள்வோம்: [4,2,0] என்றால் 4, 2, 0 ஆகிய அடுக்குகளை x, y, z மீது எல்லா விதத்திலும் மாற்றிப் போட்டுக் கிடைக்கும் உறுப்புகளின் கூடுதல். அதில் ஆறு உறுப்புகள் உண்டு. [3,3,0]இல் மூன்று, [2,2,2]இல் ஒன்றே ஒன்று. இப்போது

f = [4,2,0] + 2[2,2,2]

அடுத்து, உறுப்புகளை அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் வரிசைப்படுத்த வேண்டும். x இன் அடுக்கு எதில் பெரிதோ அது முன்னே. அது சமமானால் y இன் அடுக்கைப் பார்க்க வேண்டும், அதுவும் சமமானால் z. இந்த வரிசையில் முதலில் நிற்பதைத் தலை உறுப்பு என்போம். f இன் தலை உறுப்பு x⁴y².

முறையின் உயிர்நாடி இங்கேதான். e₁இன் தலை உறுப்பு x, e₂இன் தலை உறுப்பு xy, e₃க்கு xyz. ஆகவே e₁ᵖe₂ᵠe₃ʳ என்ற பெருக்கலின் தலை உறுப்பில் x இன் அடுக்கு p+q+r, y இன் அடுக்கு q+r, z இன் அடுக்கு r. இதைத் தலைகீழாகப் படித்தால் போதும். தலை உறுப்பின் அடுக்குகள் a, b, c என்றால், அதே தலை உறுப்பைத் தரும் பெருக்கல் e₁இன் அடுக்கு a−b, e₂இன் அடுக்கு b−c, e₃இன் அடுக்கு c கொண்டது. அதைக் கழித்துவிட்டால் அந்தத் தலை உறுப்பு காணாமல் போகும். எஞ்சியதும் சமச்சீராகவே இருக்கும், ஆனால் அதன் தலை உறுப்பு அகராதி வரிசையில் இன்னும் பின்னால் இருக்கும். அப்புறம் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

சரி, செய்து பார்ப்போம். தலை உறுப்பின் அடுக்குகள் 4, 2, 0. வேறுபாடுகள் 2, 2, 0. எனவே கழிக்க வேண்டியது e₁²e₂². இதை விரிப்பதுதான் முழுக் கணக்கிலும் கொஞ்சம் உழைப்பு கேட்கும் இடம். e₁e₂ = [2,1,0] + 3[1,1,1] என்று முதலில் கண்டு, அதை வர்க்கமாக்கினால்

e₁²e₂² = [4,2,0] + 2[4,1,1] + 2[3,3,0] + 8[3,2,1] + 15[2,2,2]

சரியா என்று பார்க்க ஒரு விரைவான வழி: x = y = z = 1 என்று வைத்தால் இடப்பக்கம் 9 × 9 = 81. வலப்பக்கத்தில் உறுப்புகளை எண்ணினால் 6 + 6 + 6 + 48 + 15 = 81. பொருந்துகிறது. f இலிருந்து கழித்தால் எஞ்சுவது

−2[4,1,1] − 2[3,3,0] − 8[3,2,1] − 13[2,2,2]

இப்போது தலை உறுப்பு −2x⁴yz. அடுக்குகள் 4, 1, 1. வேறுபாடுகள் 3, 0, 1. ஆகவே நமக்கு வேண்டியது −2e₁³e₃. e₁³e₃ = [4,1,1] + 3[3,2,1] + 6[2,2,2] என்பதால், −2e₁³e₃ஐக் கழித்த பிறகு எஞ்சுவது

−2[3,3,0] − 2[3,2,1] − [2,2,2]

தலை உறுப்பு −2x³y³. வேறுபாடுகள் 0, 3, 0. e₂³ = [3,3,0] + 3[3,2,1] + 6[2,2,2]. −2e₂³ஐக் கழித்தால் 4[3,2,1] + 11[2,2,2] மிஞ்சும். அடுத்த தலை உறுப்பு 4x³y²z. வேறுபாடுகள் 1, 1, 1. e₁e₂e₃ = [3,2,1] + 3[2,2,2]. அதன் நான்கு மடங்கைக் கழித்தால் −[2,2,2] மட்டும் நிற்கும். அது −e₃² தான். முடிந்தது:

f = e₁²e₂² − 2e₁³e₃ − 2e₂³ + 4e₁e₂e₃ − e₃²

இது எப்போதும் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. நம் கோவையின் ஒவ்வொரு உறுப்பும் ஆறாம் படி. கூட்டினால் 6 வரும்படி, ஏறாத வரிசையில் மூன்று அடுக்குகளை எழுத ஏழே வழிகள்தான் உண்டு. 600, 510, 420, 411, 330, 321, 222. ஒவ்வொரு கழித்தலிலும் தலை உறுப்பு இந்த வரிசையில் பின்னால் போகிறதே தவிர முன்னால் வருவதில்லை. நாம் 420இல் தொடங்கினோம், அதனால் ஐந்து படிகளுக்கு மேல் போகவே முடியாது. இந்தக் கணக்கில் ஐந்தும் தேவைப்பட்டன.

இனி சரிபார்ப்பு. x = 1, y = 2, z = 3 என்று வைப்போம். நேரடியாகப் பெருக்கினால் f = 5 × 13 × 10 = 650. இங்கே e₁ = 6, e₂ = 11, e₃ = 6. சூத்திரத்தில் போட்டால்

4356 − 2592 − 2662 + 1584 − 36 = 650

எல்லா மதிப்புகளும் பிழையைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் விரிப்பில் ஒருவர் 8, 15 என்பதற்குப் பதிலாக 9, 9 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்புகளின் எண்ணிக்கை 6 + 6 + 6 + 54 + 9 = 81 என்றே வரும், பிழை தெரியாது. தொடர்ந்து செய்தால் கடைசி இரண்டு உறுப்புகள் 3e₁e₂e₃ + 8e₃² என்று தவறாக முடியும். இந்தத் தவறான சூத்திரத்தில் x, y, z மூன்றுக்கும் 1 என்று போட்டால் 81 − 54 − 54 + 27 + 8 = 8. உண்மையான மதிப்பும் 2 × 2 × 2 = 8 தான்! இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உறுப்புகளை எண்ணுவதும் 1, 1, 1 என்று போடுவதும் ஒரே சோதனைதான். அதை இரண்டாம் தடவை செய்வதால் புதிதாக எதுவும் தெரியாது. 1, 2, 3 என்று போட்டால் தவறான சூத்திரம் 650க்குப் பதில் 578 தருகிறது, குட்டு வெளிப்பட்டுவிடும். z = 0 என்று வைப்பதும் ஏமாற்றக்கூடியது. e₃ பூச்சியமாகி, அது உள்ள உறுப்புகள் எல்லாம் சோதனைக்கே வராமல் தப்பிவிடும்.

ஆனால் அதே பூச்சியத்தை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். x = 1, y = −1, z = 0 என்று வைத்தால் e₁ = 0, e₂ = −1, e₃ = 0. சூத்திரத்தில் e₂³ உறுப்பு மட்டுமே உயிரோடு இருக்கும்; அது −2 × (−1) = 2 தருகிறது. நேரடி மதிப்பும் 2 × 1 × 1 = 2. அதாவது −2 என்ற அந்த ஒரு கெழுவைத் தனியாகப் பிடித்துச் சோதித்துவிட்டோம். எந்தக் கெழு மீது சந்தேகமோ அதற்கேற்ற எண்களைத் தேர்ந்தெடுப்பது, கண்ணை மூடிக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்ப்பதைவிட எனக்கு மிகவும் பிடித்த வழி.

எண்களைப் போடாமலே பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. e₁க்கு 1, e₂க்கு 2, e₃க்கு 3 என்று எடை கொடுத்தால், ஆறாம் படிக் கோவைக்கு விடையின் ஒவ்வொரு உறுப்பும் மொத்தம் 6 எடை பெற வேண்டும். e₁³e₃ என்பது 3 + 3, e₁e₂e₃ என்பது 1 + 2 + 3. எடை பொருந்தாத உறுப்பு ஒன்று இருந்தாலும் எங்கோ பிழை நடந்திருக்கிறது என்று பொருள்.

சூத்திரம் உறுதியான பின் t³ − t − 1 = 0க்கு வருவோம். கெழுக்களிலிருந்து e₁ = 0, e₂ = −1, e₃ = 1. e₁ பூச்சியம் என்பதால் எஞ்சுவது −2e₂³ − e₃² = 2 − 1 = 1. கலப்பெண் மூலங்கள் இருந்தும் விடை துல்லியமாக 1.

கோவை சமச்சீராக இல்லாவிட்டால் இந்த முறை என்ன செய்யும்? x²y + y²z + z²x என்பதைப் பாருங்கள். x, y, z ஆகியவற்றைச் சுற்றில் நகர்த்தினால் இது மாறாது, அதனால் பார்வைக்குச் சமச்சீர் போலவே இருக்கும். தலை உறுப்பு x²y, அடுக்குகள் 2, 1, 0. e₁e₂ஐக் கழித்தால் −xy² − yz² − zx² − 3xyz எஞ்சும். இதில் தலை உறுப்பு −x²z, அடுக்குகள் 2, 0, 1. வேறுபாடுகளை எடுத்தால் 2, −1, 1. e₂க்கு எதிர்ம அடுக்கு வருகிறது. அப்படி ஒரு பெருக்கல் கிடையாது, முறை அங்கேயே நின்றுவிடும். சமச்சீர்க் கோவையின் தலை உறுப்பில் அடுக்குகள் ஒருபோதும் ஏறாது. ஏனென்றால் ஏறினால், இரண்டு மாறிகளை இடம் மாற்றிக் கிடைக்கும் உறுப்பும் கோவையில் இருந்தாக வேண்டும், அது வரிசையில் இன்னும் முன்னால் நின்றிருக்கும். ஆகவே கணக்கின் நடுவில் எதிர்ம அடுக்கு வந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். கொடுத்த கோவை சமச்சீர் இல்லை, அல்லது முந்தைய கணக்கில் எங்கோ பிழை நடந்திருக்கிறது.