பிரைமர் எந்த முனையில்? டி.என்.ஏ. இரட்டிப்புக் கவட்டைப் படத்தில் நேரும் பிழை

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும் இடமான கவட்டையின் படத்தில் நொதிகளின் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கும். புது இழையைத் தொடங்கிவைக்கும் சிறு ஆர்.என்.ஏ. துணுக்கான பிரைமர் மட்டும் துண்டின் தவறான முனையில் உட்கார்ந்திருக்கும். திசையைக் குறிக்காமல் வரையத் தொடங்குவதுதான் காரணம்.

ஈ. கோலை பாக்டீரியாவின் கவட்டையை எடுத்துக்கொள்வோம். தாளைக் குறுக்காக வைத்து, வலப்பக்கம் பழைய இழைகளுக்கு இரண்டு இணைகோடுகள் போடுங்கள். அவை இடப்பக்கம் போகப் போக விரியட்டும். கவட்டை வலப்பக்கமாக நகரும். மேல்கோட்டின் இடமுனையில் 3′, வலமுனையில் 5′. கீழ்க்கோட்டில் இதற்கு நேர்மாறு. இந்த நான்கு குறிகளும் விழுந்த பிறகே புது இழையைத் தொடலாம்.

புது இழையை வளர்க்கும் நொதியான பாலிமரேஸ் 3′ முனையில் மட்டுமே நியூக்ளியோடைடைச் சேர்க்கும். ஆகவே புது இழையின் அம்புநுனி எப்போதும் 3′. மேல்கோட்டுக்கு எதிரே முந்தும் இழை வலப்பக்கம், கவட்டையை நோக்கி, முறியாமல் ஓடும். கீழே பின்தங்கும் இழையின் அம்புகள் இடப்பக்கம் பார்க்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் படம் தவறு.

பின்தங்கும் இழை துண்டு துண்டாகவே உருவாகும். கீழே அப்படி நான்கு ஒகசாகி துண்டுகள் வரைந்து, இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என எண்ணிடுங்கள். கவட்டைக்கு அருகில் இருக்கும் 4தான் புதியது. பிரைமேஸ் ஒவ்வொரு துண்டையும் கவட்டைப் பக்கம் தொடங்கிவைக்கிறது; எனவே பிரைமர் துண்டின் வலமுனையில், 5′ பக்கம் வரும். அதைச் சிவப்பில் போடுங்கள். அளவு பார்க்க வேண்டாம்: துண்டு 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு நீளம், பிரைமரோ ஏறக்குறைய 10தான். துண்டை 5 செ.மீ. வரைந்தால் பிரைமர் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது!

இனி நொதிகள். 4ஆம் துண்டின் அம்புநுனியில் பாலிமரேஸ் III. அது இன்னும் வளர்கிறது. முந்தும் இழையின் நுனியிலும் அதுவே. 3ஆம் துண்டின் அம்புநுனி 2இன் பிரைமரைத் தொடும் இடத்தில் பாலிமரேஸ் I, அது ஆர்.என்.ஏ.வை வெட்டிக்கொண்டே டி.என்.ஏ.வை நிரப்புகிறது. 1க்கும் 2க்கும் நடுவே பிரைமர் போய்விட்டது, ஒரு கீறல் மட்டும் மிச்சம், அதை ஒட்டும் லிகேஸ் அங்கே. லிகேஸை பிரைமரின் மேலேயே வரைவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. ஆர்.என்.ஏ. இருக்கும்வரை அதற்கு அங்கே வேலையில்லை.

இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸைச் சந்திப்பில் செருகிய ஆப்பு போல வரையாதீர்கள். அது வளையம். ஈ. கோலையில் கீழ்க்கோட்டை மட்டும் சூழ்ந்து 3′ பக்கம் நகரும். மனித செல்லில் மேல்கோட்டைச் சூழும். இணையில்லாமல் வெறுமையாகக் கிடக்கும் கீழ்க்கோட்டுப் பகுதியில் ஒற்றை இழைப் பிணைப்புப் புரதங்களைச் சிறு வட்டங்களாகப் போடுங்கள். முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் சந்திப்பில் வராது. முறுக்கு ஏறுவது அதற்கு முன்னால், பிரியாத இரட்டை இழையில் என்பதால் அதன் இடம் தாளின் வலக்கோடி.