பனிமூட்டத்தில் எவ்வளவு நீளமாக அடி வைப்பது?

அடர்ந்த பனிமூட்டம், நீட்டிய கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். பாதத்தால் தரையைத் தடவி, எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி வைப்போம், அப்புறம் மறுபடியும் தடவுவோம். ஒரு சார்பின் மதிப்பு மிகக் குறையும் இடத்தை அடி அடியாகத் தேடும் கிரேடியன்ட் டிசென்ட் முறையை நானும் இப்படித்தான் சொல்லித் தருகிறேன். பாதம் உணரும் சரிவுதான் வகைக்கெழு.

ஆனால் இந்த உவமையை முழுசாக நம்பிவிடாதீர்கள். செங்குத்தான இடம் வந்தால் மனிதர் அடியைக் குறுக்கிக்கொள்வார். சூத்திரம் அதற்கு நேர்மாறாக நடக்கும்:

```
x = x - η * f'(x)
```

η தான் லேர்னிங் ரேட். அடியின் நீளம் η-வைச் சரிவால் பெருக்கி வருவதால், சரிவு கூடக் கூட அடியும் நீளும்.

f(x) = x² எடுத்துக்கொள்ளுங்கள். வகைக்கெழு 2x, ஆகவே ஒவ்வோர் அடியும் x-ஐ (1 − 2η) ஆல் பெருக்குகிறது. 5-இல் தொடங்கி η = 0.1 வைத்தால் 4, 3.2, 2.56 என்று அமைதியாக இறங்கும். η = 1.1 வைத்தால் −6, 7.2, −8.64. பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் இன்னும் உயரத்தில் போய் நிற்கிறோம், அங்கே சரிவு அதிகம் என்பதால் அடுத்த அடி இன்னும் நீளம். மாதிரியைப் பயிற்றும்போது நாம் குறைக்கப் பார்ப்பது லாஸ் என்ற பிழையளவை. அது சில அடிகளில் எகிறி கடைசியில் `nan` என்று நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, η-வைக் குறைத்தால் போதாதா? f = x² + 50y² என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் பாருங்கள். y திசையில் சரிவு 100y, அதனால் η 0.02-ஐத் தாண்டினாலே சிதறிவிடும். 0.01 வைத்தால் y ஒரே அடியில் சுழியத்துக்கு வந்துவிடுகிறது, ஆனால் x அடிக்கு 2 சதவீதம்தான் குறைகிறது, பாதியாக 35 அடி வேண்டும். செங்குத்தான சுவர் அடியின் நீளத்துக்கு வரம்பு போடுகிறது, தட்டையான திசை அதனால் காத்துக் கிடக்கிறது.

நடைமுறையில் இந்தப் பள்ளத்தாக்கைப் பெரும்பாலும் நாமேதான் உண்டாக்குகிறோம். வீட்டு விலையைக் கணிக்கும் நேர்கோட்டு மாதிரியில் பரப்பு 1000 சதுர அடி, அறைகள் 2 என்று அப்படியே கொடுத்தால், லாஸின் வளைவு உள்ளீட்டின் வர்க்கத்தோடு கூடுவதால், ஒரு திசை மற்றதைவிடச் சுமார் இரண்டரை லட்சம் மடங்கு கூர்மையாகிவிடும். எந்த η வைத்தாலும் ஒன்று சிதறும், இல்லை அறைகளின் எண்ணிக்கையை மாதிரி பெருக்கும் எடை நகரவே நகராது. லாஸ் வரைபடம் தட்டையாகிவிடும், பார்ப்பவர் 'கற்றல் முடிந்தது' என்று நிறுத்திவிடுவார். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது.

அதனால் லாஸை மட்டும் பார்க்காமல், முதல் 20 அடிகளுக்கு ஒவ்வோர் எடையின் கிரேடியன்ட்டையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றின் குறி அடிக்கு அடி மாறி அளவும் வளர்ந்தால் η பெரிது. ஒன்று எப்போதோ அடங்கிவிட, இன்னொன்று ஒரே குறியோடு குறையாமல் நின்றால் பள்ளத்தாக்கு. அப்போது முதலில் ஒவ்வோர் உள்ளீட்டிலும் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டு, அதற்கேற்ப η-வைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டுங்கள்.